ரிவ்யூ பக்கத்தில் எழுதக் கூடாது என்றவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் திருநெல்வேலிக் கிளையின் நிர்வாகத்துக்கும், அப்ரூவ் செய்யும் உரிமை வைத்திருக்கும் மூத்த பொறியாளர்களுக்கும்,

கோட் ரிவ்யூவில் இனி குறைகளை எழுத்தில் போட வேண்டாம், ஏதாவது இருந்தால் போனில் சொல்லிக்கொள்ளுங்கள், வந்த மாற்றத்தை அன்றைக்கே அப்ரூவ் செய்துவிடுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். வேலையை விட்டுப் போன தம்பியின் ராஜினாமாக் கடிதத்தைப் படித்துவிட்டு எடுத்த முடிவு இது என்பது கிளையில் எல்லாருக்கும் தெரியும். இன்னொரு பிள்ளை இப்படிப் போய்விடக் கூடாது என்கிற அக்கறை அதில் இருக்கிறது. இருந்தாலும் இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டத்தில் சொன்னேன், "பார்ப்போம்மா" என்றீர்கள். அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

அந்தத் தம்பி எழுதிய நிரலில் பிழை இருந்தது. ரிவ்யூ செய்தவர் அதைக் கண்டுபிடித்தும் விட்டார். ஆனால் அவர் எழுதிய கமெண்ட்டில் அந்தப் பிழை என்ன என்பதைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. அதன் விளைவாக, கண்ணில் பட்ட பிழை கண்ணில் பட்டபடியே சர்வருக்குப் போனது. தம்பியின் மனம் நொந்ததை மட்டும் நீங்கள் பார்த்தீர்கள். பிழை எப்படித் தப்பிப் போனது என்பதை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. அந்த மாடியூலைப் பிறகு சரிசெய்தது நான் என்பதால் எனக்கு அதன் ஒவ்வொரு வரியும் தெரியும். அதை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை வைத்திருப்பவர்களுக்கு நாம் செய்துகொடுத்த தினசரி உற்பத்தி அறிக்கைதான் விஷயம். அங்கிருக்கும் லாகர் 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு அனுப்பும். ஒரு நாளைக்கு 96 பதிவு. ஒவ்வொன்றிலும் அந்தக் கால்மணியில் எத்தனை யூனிட் ஓடியது என்பதும், நேரமும் இருக்கும். நேரம் யூனிக்ஸ் நொடிக் கணக்கில் வரும். அதை நாளாக மாற்றி, ஒரே நாளில் விழுகிற பதிவுகளைக் கூட்டினால் அன்றைய உற்பத்தி. தம்பி எழுதிய வரி இது:

```python
day = datetime.utcfromtimestamp(ts).date()
```

இதில் என்ன தவறு என்பது இந்தத் தொழிலில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்குப் பார்த்ததும் தெரியும். இந்த வரி தேதியை யூடிசி கணக்கில் எடுக்கிறது. நமக்கு நள்ளிரவில் நாள் மாறுகிறது. யூடிசியில் நாள் மாறும்போது நமக்குக் காலை ஐந்தரை மணி. ஆக நள்ளிரவிலிருந்து விடியும்வரை ஓடிய யூனிட்டெல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய் உட்காரும். 96 பதிவில் இருபதுக்கும் மேல் இடம் மாறிவிடும். தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் இது சின்னத் தொகை இல்லை.

இதைப் பார்த்த மூத்தவர், ரிவ்யூ பக்கத்தில் எழுதியது இவ்வளவுதான்:

"ஏல, காலேஜ்ல என்னத்தப் படிச்ச? டைம்சோன்கூடத் தெரியாதவன்லாம் கோட் எழுத வந்தா இப்படித்தான். ஒழுங்கா பாத்து எழுது."

இதை எழுதியவரைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. அவர் கெட்டவரும் இல்லை, திறமை இல்லாதவரும் இல்லை. இந்தக் கிளையில் பாதிப்பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். அந்தக் கமெண்ட்டை ஒரு வேலைக் குறிப்பாக மட்டும் படித்துப் பாருங்கள். எந்த வரி என்று இல்லை. எந்த நேரத்துப் பதிவைக் கொடுத்தால் என்ன தப்பான விடை வரும் என்று இல்லை. என்ன செய்தால் சரியாகும் என்பதும் இல்லை. 'டைம்சோன்' என்ற ஒரு சொல்தான் மிச்சம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தம்பி ராத்திரி உட்கார்ந்து தேடி, மறுநாள் இப்படி மாற்றி அனுப்பினான்:

```python
day = datetime.fromtimestamp(ts).date()
```

அவன் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தான். விடிகாலைப் பதிவுகள் சரியான நாளில் விழுந்தன. விழத்தான் செய்யும். ஏனென்றால் டைம்சோன் சொல்லாமல் `fromtimestamp` கூப்பிட்டால், அது ஓடுகிற இயந்திரத்தின் நேரத்தை எடுத்துக்கொள்ளும். மடிக்கணினி இந்திய நேரத்தில் இருந்தது. நம் சர்வர் யூடிசியில் இருக்கிறது. சர்வரில் புது வரிக்கும் பழைய வரிக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

மூத்தவர் திரும்ப வந்து பார்த்தார். `utc` என்ற எழுத்து போயிருந்தது. அப்ரூவ் அழுத்தினார். ஆளைத் திட்டியாயிற்று, ஆள் திருத்திவிட்டான், அவ்வளவுதான். தான் முதலில் என்ன பிழையைப் பார்த்தோம் என்பதை அவர் எழுதியிருந்தால், இரண்டாவது முறை அதே பதிவை வைத்துச் சரிபார்த்திருப்பார். எழுதாததால் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கே ஒன்றும் இல்லை.

பிழை வெளியே வந்தது நம்மால் இல்லை. பணகுடியில் கணக்கு பார்க்கிற அண்ணாச்சி ஒருவர், நம் அறிக்கையையும் மின்வாரிய மீட்டர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாசக் கணக்கு ஏறக்குறைய ஒத்து வருது, நாள் கணக்குதான் ஒருநாளும் ஒத்து வரமாட்டேங்குது, என்னன்னு பாருங்கம்மா" என்று கூப்பிட்டார். அவர் சொன்ன அந்த வாக்கியத்திலேயே பிழை எங்கே இருக்கிறது என்பது வந்துவிட்டது. நாள்கள் தள்ளி விழுந்தால், மாத நடுவில் ஒரு நாள் இழந்ததை அடுத்த நாள் கொடுத்துவிடும். மாதத்தின் முதல் விடிகாலை வெளியே போகும், அடுத்த மாதத்தின் முதல் விடிகாலை உள்ளே வரும். அந்த இரண்டு விடிகாலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் மாத மொத்தத்தில் தெரியும். அதனால்தான் மொத்தத்தை மட்டும் பார்த்த நம் சோதனை எதிலும் இது சிக்கவில்லை.

ஒரு நல்ல ரிவ்யூ கமெண்ட் இந்த அண்ணாச்சியின் பேச்சைப் போலத்தான் இருக்கும். எதை எதோடு வைத்துப் பார்த்தேன், எங்கே ஒத்துவருகிறது, எங்கே வரவில்லை என்று சொன்னார். யார் எழுதினார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

இதே பிழைக்கு எழுதியிருக்க வேண்டிய கமெண்ட்டை நானே எழுதிக் காட்டுகிறேன்:

"இந்த வரி தேதியை யூடிசியில் எடுக்கிறது. 1719773100 என்ற பதிவைக் கொடுத்துப் பாருங்கள்: நம் நேரப்படி 2024 ஜூலை 1, நள்ளிரவு தாண்டி 12:15. இந்த வரி ஜூன் 30 என்று சொல்கிறது. காலை ஐந்தரைக்கு முந்தைய பதிவுகள் எல்லாம் இப்படித் தள்ளிப்போகும். `ZoneInfo("Asia/Kolkata")` என்று நாமே கொடுத்துவிட்டால் எந்த இயந்திரத்தில் ஓடினாலும் ஒரே விடை வரும். ஒரு சந்தேகம்: `ts` என்பது 15 நிமிடத்தின் தொடக்கமா, முடிவா? இது சரியாகாமல் மெர்ஜ் செய்ய முடியாது."

இதில் தேனும் பாலும் தடவவில்லை என்பதைக் கவனியுங்கள். கடைசி வாக்கியம் கதவை அடைக்கிறது. திட்டியவரின் கமெண்ட்டைவிட இதுதான் கண்டிப்பானது. திட்டு வாங்கிய மாற்றம் மறுநாளே உள்ளே போய்விட்டது, இந்தக் கமெண்ட் வாங்கியிருந்தால் போயிருக்காது. எழுத எவ்வளவு நேரம் ஆகும்? பிழையைப் பார்த்துவிட்டவருக்கு ஐந்து நிமிடம்.

அந்தச் சந்தேகத்தை ஏன் சேர்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் எனக்கு அதிகம் உறுத்துவது அதுதான். டைம்சோனை மட்டும் சரிசெய்தால் அந்த மாடியூல் முழுதாகச் சரியாகாது. அந்த லாகர் நேரத்தைக் கால்மணியின் முடிவில் குறிக்கிறது. நள்ளிரவு 12:00 என்று வரும் பதிவு, 11:45-லிருந்து 12:00 வரை ஓடிய யூனிட். அது போன நாளுக்குச் சேர வேண்டியது. டைம்சோன் சரியாக இருந்தாலும் இந்த ஒரு பதிவு ஒவ்வொரு நாளும் அடுத்த நாளில் போய் விழும். இது ரிவ்யூ செய்த மூத்தவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தம்பிக்குத் தெரியும். லாகர் பொருத்தும்போது பணகுடிக்குப் போய் வெயிலில் நின்றவன் அவன்தான். பிறகு பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்தபோது நான் கேட்டேன். "தெரியும்க்கா, கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அந்தக் கமெண்ட்டுக்கு அப்புறம் வாயத் திறந்தா அதுக்கும் ஒண்ணு வாங்கணுமேன்னு விட்டுட்டேன்" என்றான்.

கடைசியில் நான் எழுதியது இது:

```python
IST = ZoneInfo("Asia/Kolkata")
BLOCK = timedelta(minutes=15)

def day_of(ts):
    end = datetime.fromtimestamp(ts, tz=IST)
    return (end - BLOCK).date()
```

கூடவே இரண்டு சோதனை:

```python
assert day_of(1719772200) == date(2024, 6, 30)
assert day_of(1719773100) == date(2024, 7, 1)
```

முதல் எண் நள்ளிரவு 12:00, இரண்டாவது 12:15. டைம்சோன் தப்பாக இருந்தால் இரண்டாவது வரி விழும். கால்மணியைக் கழிக்க மறந்தால் முதல் வரி விழும். ஒரு பாதி மூத்தவருக்குத் தெரிந்தது, இன்னொரு பாதி தம்பிக்குத் தெரிந்தது. ரிவ்யூ என்று ஒன்றை வைத்திருப்பது இந்த இரண்டு பாதியும் ஒரே பக்கத்தில் வந்து சேரத்தான்.

இப்போது உங்கள் சுற்றறிக்கைக்கு வருகிறேன். போனில் சொல்லச் சொல்கிறீர்கள். மேலே உள்ள `- BLOCK` என்ற கழித்தலை இன்னும் ஒரு வருஷம் கழித்து வேறு யாரோ பார்ப்பார்கள். இது எதற்கு என்று தோன்றும். `git blame` போடுவார்கள். (பெயரைப் பார்த்தால் ஆளைப் பிடிக்கிற கட்டளை மாதிரி இருக்கும், நமக்குப் பயன்படுவது அது காட்டுகிற கமிட்தான்.) அந்தக் கமிட்டிலிருந்து ரிவ்யூ பக்கத்துக்குப் போனால், லாகர் முடிவு நேரத்தைத்தான் குறிக்கிறது என்ற பேச்சு அங்கே இருக்க வேண்டும். போனில் பேசியிருந்தால் அங்கே ஒரு பச்சை டிக் மட்டும் இருக்கும். "தேவையில்லாத வரி" என்று யாராவது எடுத்துவிடுவார்கள். சென்னையில் இருக்கும் குழுவுக்கும் அந்தப் பேச்சு போய்ச் சேராது.

இன்னொன்றும் உண்டு. போனில் திட்டினால் தடயம் இல்லை. அந்தத் தம்பி வாங்கிய கமெண்ட் பக்கத்தில் இருந்ததால்தான் அதை நீங்கள் படித்தீர்கள், நானும் படித்தேன். உங்கள் விதி வந்தபின் அதே பேச்சு தொடரும். கேட்கிறவன் மட்டும் தனியாகக் கேட்பான்.

பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வடிவமைப்பிலேயே இரண்டு பேருக்கும் கருத்து ஒத்துவராமல், கமெண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தால், எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுதான் நல்லது. பேசி முடித்தபின் என்ன முடிவெடுத்தோம் என்று இரண்டு வரி பக்கத்தில் போட்டுவிட்டால் போதும்.

இனி மூத்தவர்களுக்கு. கூட்டத்தில் மூன்று சமாதானம் சொன்னீர்கள்.

நாங்களும் திட்டு வாங்கித்தான் வளர்ந்தோம் என்றார் ஒருவர். இருக்கலாம். இன்னொருவர், லினக்ஸ் கெர்னலிலேயே லினஸ் டோர்வால்ட்ஸ் திட்டாத திட்டா என்றார். அதே டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பரில், தன் மின்னஞ்சல்களில் ஆள்மேல் பாய்ந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் வேலையிலிருந்து ஒதுங்கி இருந்தார். கெர்னலுக்கு நடத்தை விதிகள் வந்ததும் அப்போதுதான். கூகுள் தன் பொறியாளர்களுக்காக எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் ரிவ்யூ வழிகாட்டியிலும், கமெண்ட் நிரலைப் பற்றி இருக்க வேண்டும், எழுதியவரைப் பற்றி இருக்கக் கூடாது என்றே இருக்கிறது. உதாரணம் காட்டுவதென்றால் முழுக் கதையையும் காட்டுங்கள்.

மூன்றாவது, "நம்ம ஊர்ப் பேச்சே அப்படித்தானே". நானும் மேலப்பாளையத்துக்காரிதான். டீக்கடையில் தோளில் கைபோட்டு "ஏல" என்றால் அதில் பாசம் இருக்கும். வாடகை அறையில் ராத்திரி பதினோரு மணிக்குத் திரையில் தனியாகப் படிப்பவனுக்குத் தோளில் கை இல்லை. அதோடு, அந்தக் கமெண்ட்டில் 'ஏல'வை எடுத்துவிட்டு 'சார்' என்று போட்டாலும் அது உதவாத கமெண்ட்தான்.

இதனால்தான், கெட்ட வார்த்தையைத் தடைசெய்தால் போதும் என்ற யோசனையும் எனக்கு ஒத்துவரவில்லை. வார்த்தை சுத்தமாக இருந்துகொண்டே ஆளைத் தொடுகிற கமெண்ட் நம் பக்கங்களில் நிறைய இருக்கிறது. "வழக்கம்போல டெஸ்ட் இல்லை" என்பது ஒன்று. டெஸ்ட் இல்லை என்பது இந்த மாற்றத்தைப் பற்றியது. 'வழக்கம்போல' என்பது ஆளைப் பற்றியது. படிக்கிறவன் அதற்குப் பதில் சொல்லத்தான் பார்ப்பான். போன மாதம் எழுதினேனே என்பான், டெஸ்ட் எழுதுவது தள்ளிப்போகும். "காலியான பட்டியல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெஸ்ட் வேண்டும்" என்றால் அவனுக்கு விவாதிக்க ஒன்றும் இல்லை, எழுத மட்டும்தான் இருக்கிறது. "இதை ஏன் இப்படிச் செஞ்சே?" என்பது இன்னொன்று. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பீர்கள். குற்றப்பத்திரிகையாகத்தான் படும். "இங்கே டேட்டாபேஸிலேயே கூட்டாமல் பைத்தானில் கூட்டுவதற்குக் காரணம் உண்டா?" என்றால் காரணம் வரும். சில சமயம் நல்ல காரணமே வரும்.

ஒருவர் உண்மையிலேயே திரும்பத் திரும்ப அசட்டையாக இருக்கிறார் என்றால்? அதற்கு ரிவ்யூ பக்கம் இடமில்லை. டீம் லீட் தனியாகக் கூப்பிட்டு, இந்த மூன்று மாற்றத்தில் இப்படி இருந்தது என்று கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். அது லீடின் வேலை. அதைச் செய்யாமல் பக்கத்தில் கொட்டுவது லீட் தன் வேலையை ரிவ்யூ செய்பவர் தலையில் கட்டுவது.

ஆளைப் பார்த்து ரிவ்யூ செய்வதற்கு மறுபக்கமும் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. மூத்தவர் ஒருவர் அனுப்பிய மாற்றம், அதே அறிக்கைக்கு. ஒவ்வொரு காற்றாலைக்கும் தனித்தனியாக டேட்டாபேஸைக் கேட்கும்படி லூப்புக்குள் க்வெரி இருந்தது. ஒரே க்வெரியில் எல்லாவற்றையும் வாங்கியிருக்கலாம். "அண்ணன் எழுதினா பார்க்கவே வேண்டாம்" என்று வந்த வேகத்தில் அப்ரூவ் ஆகிவிட்டது. ஐந்து காற்றாலை வைத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நிறைய வைத்திருப்பவருக்கு அறிக்கை திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. தம்பியின் வரியையும் அண்ணனின் லூப்பையும் கெடுத்தது ஒரே பழக்கம்: திரையில் இருப்பதைப் படிக்காமல், அனுப்பியவர் பெயரைப் படித்தது.

சூழல் கெட்டுப்போனதை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டீர்கள். ரிவ்யூ பக்கங்களைத் திறந்து பாருங்கள். இளையவர்கள் எழுதும் பதில் எல்லாம் 'டன்', 'ஃபிக்ஸ்டு' என்று மட்டும் இருக்கிறதா, எதிர்க் கேள்வியே இல்லையா என்று பாருங்கள். ஒரு வாரத்து வேலையைச் சேர்த்துக் கட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்புகிறார்களா, எதையும் கேட்காமல் டிக் போடுகிற ஒருவரையே எல்லாரும் ரிவ்யூவுக்குப் போடுகிறார்களா என்று பாருங்கள். மூன்றும் இப்போது நம் கிளையில் நடக்கிறது.

கடைசியாக ஒரு மனக்குறை. இந்தப் பிழை பற்றி வாடிக்கையாளருக்குப் போன அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "இளநிலைப் பொறியாளரின் கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறது. அது உண்மை இல்லை. பிழை ரிவ்யூவில் கண்டுபிடிக்கப்பட்டது, விவரம் எழுதப்படவில்லை, திருத்தம் சர்வர் நேரத்தில் சோதிக்கப்படாமல் அப்ரூவ் ஆனது. இந்த மூன்றில் இரண்டு தம்பியின் கையில் இல்லை. `TZ=UTC pytest` என்று ஓட்டும் ஒரு வரி நம் பைப்லைனில் இருந்திருந்தால், அந்த இரண்டு சோதனையும் இருந்திருந்தால், யார் எழுதியிருந்தாலும் அது அங்கேயே நின்றிருக்கும்.

நான் கேட்பது இவைதான்.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். குறைகள் எழுத்திலேயே, ரிவ்யூ பக்கத்திலேயே இருக்கட்டும். அன்றைக்கே அப்ரூவ் செய்ய வேண்டும் என்ற கெடுவுக்குப் பதிலாக, அன்றைக்கே படித்துப் பதில் எழுத வேண்டும் என்று வையுங்கள். பதில் "இது உள்ளே போகக் கூடாது" என்றும் இருக்கலாம்.

மெர்ஜைத் தடுக்கிற எந்தக் கமெண்ட்டிலும் எந்த வரி, எதைக் கொடுத்தால் என்ன தப்பாகிறது என்பது இருக்க வேண்டும் என்று விதியாக்குங்கள். தடுக்கிற கமெண்ட்டா, விருப்பம் இருந்தால் செய்யலாம் என்பதா என்று முதல் சொல்லிலேயே குறிக்கட்டும். இடைவெளி, காற்புள்ளி, வரி நீளம் பற்றிய கமெண்ட்டை மனிதர்கள் எழுத வேண்டாம். `black` மாதிரி ஒரு கருவியைப் பைப்லைனில் போட்டுவிட்டால் அது பார்த்துக்கொள்ளும். பாதிச் சண்டை அதிலேயே குறையும்.

ஆளைப் பற்றிய கமெண்ட் வந்தால், வாங்கியவர் மட்டுமில்லாமல், பார்க்கிற யாரும் "இதை நிரலைப் பற்றி மாற்றி எழுதுங்கள்" என்று அங்கேயே கேட்கலாம் என்று அறிவியுங்கள். எழுதியவர் மாற்றும்வரை அவருடைய அப்ரூவல் செல்லக் கூடாது. எழுதியவர் நீங்களாக இருந்தாலும் இது பொருந்த வேண்டும்.

மூத்தவர்களின் மாற்றத்துக்கும் இரண்டு பேர் ரிவ்யூ, அதில் ஒருவர் இளையவர் என்று வையுங்கள். ரிவ்யூவில் வாங்கிய கமெண்ட்டுகளின் எண்ணிக்கையை அப்ரைசலில் சேர்ப்பதாக ஒரு பேச்சு ஓடுகிறது. அது வேண்டாம். எண்ண ஆரம்பித்த அன்றைக்கே எல்லாரும் நண்பனிடம் மட்டும்தான் ரிவ்யூவுக்கு அனுப்புவார்கள்.

வாடிக்கையாளருக்குப் போன அறிக்கையில் காரணத்தைத் திருத்தி, திருத்திய பிரதியைப் பணகுடிக்கும் அந்தத் தம்பிக்கும் அனுப்புங்கள். அவன் இப்போது வேறு இடத்தில் வேலை தேடுகிறான். அந்த வாக்கியம் அவனைத் தொடரக் கூடாது.

இதற்கான பதிலை மாதம் முடிவதற்குள், சுற்றறிக்கை போன அதே முகவரிப் பட்டியலுக்கு, எழுத்தில் அனுப்புங்கள். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கிளைப் பொறியாளர் ஒருத்தி
மேலப்பாளையம்